யானை போடும் வேலி

பலகையில் ஐந்தே காய்கள். வெள்ளைக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜாவும் யானையும் மட்டும். இங்கே யானை என்பது ஆட்டத் தொடக்கத்தில் மூலையில் நிற்கும் காய், அதாவது ரூக். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அது எட்டாவது வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும், ராணி வந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவு தெரிந்த எவரும் வெள்ளைதான் ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கறுப்பு யானை சரியான கட்டத்தில் நின்றால் வெள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் பிரான்சுவா ஆந்த்ரே தானிக்கான் ஃபிலிதோர். 1726இல் பிரான்சில் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் காலத்தில் பாரிஸில் பேசப்பட்ட ஓபரா இசையமைப்பாளர், கூடவே ஐரோப்பாவின் மிகச் சிறந்த சதுரங்க வீரர். 1749இல் லண்டனில் அவர் வெளியிட்ட சதுரங்க நூல் பல மொழிகளில் வந்தது. அதை விரித்து 1777இல் கொண்டுவந்த பதிப்பில் இந்த ஐந்து காய் நிலையை ஆராய்ந்திருந்தார். இன்று உலகெங்கும் சதுரங்கப் பயிற்சியாளர்கள் ஃபிலிதோர் நிலை என்றும், மூன்றாம் வரிசைக் காப்பு என்றும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அந்த நிலைக்குப் போகுமுன், ஜெயிக்க நினைப்பவருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். சிப்பாய் தனியாக நடந்து ராணியாவதில்லை. அதன் முன்னால் எதிராளியின் ராஜா நின்றுவிட்டால் யானை ஒன்றால் மட்டும் அதை விரட்ட முடியாது. சொந்த ராஜா பக்கத்தில் வந்து, எதிர் ராஜாவைத் தள்ளி, வழி விலக்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே வேலையில் பாதி ராஜாவுடையது. காப்பவர் கவனிக்க வேண்டியதும் அதையே. புதிதாக ஆடுபவர்கள் யானையை வைத்துச் சிப்பாயையே குறிவைத்துத் தாக்கிக்கொண்டிருப்பார்கள். அனுபவசாலிகள் சிப்பாயை விட்டுவிட்டு ராஜாவை வெட்டிவைப்பார்கள். யானை ஒரு வரிசை முழுவதையும் ஆள்கிறது. அந்த வரிசையில் எதிர் ராஜா கால் வைக்க முடியாது. ஒரே காய், எட்டுக் கட்ட நீளத்துக்கு ஒரு வேலி.

வேலியை நெடுக்காகவும் போடலாம், குறுக்காகவும் போடலாம். எளிதாகப் புரிவது நெடுக்கு வேலி. வெள்ளை ராஜா g4இல், யானை d1இல், சிப்பாய் d5இல் இருக்கின்றன. கறுப்பு ராஜா d6இல் சிப்பாயின் முகத்துக்கு நேரே நிற்கிறது. கறுப்பு யானை f8இல். வெள்ளை ராஜா தன் சிப்பாயிடம் போக வேண்டுமானால் f வரிசையைத் தாண்ட வேண்டும். அது முழுக்கக் கறுப்பு யானையின் கையில் இருக்கிறது. வெள்ளை யானையோ சிப்பாயை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் கறுப்பு ராஜா d5ஐத் தின்றுவிடும்.

அப்படியானால் ராஜாவே போய் வேலிக்காரனை விரட்டட்டும் என்று வெள்ளை முயலலாம். ராஜா g5க்கு வருகிறது. கறுப்பு யானை f7இல் வந்து காத்திருக்கிறது. ராஜா g6க்கு ஏறி யானையை மிரட்டுகிறது, யானை மறுபடி f8க்குப் போகிறது. ராஜா g7க்கு ஏறி மீண்டும் மிரட்டுகிறது. இப்போதுதான் பலன் தெரிகிறது. யானை f5க்கு இறங்குகிறது. இத்தனை தூரம் மேலே போன வெள்ளை ராஜாவுக்கு f5 எட்டாது. d5 சிப்பாயை இப்போது யானை ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம் என்று இருவர் தாக்குகிறார்கள், காப்பது ஒரு யானை மட்டும். சிப்பாய் விழுகிறது, யானைகள் மாறுகின்றன, பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிச்சம். வெள்ளை அவசரப்படாமல் g4இலேயே நின்றிருந்தாலும் எதுவும் கூடி வந்திருக்காது. கறுப்பு f7, f8 என்று மாறிமாறி நின்றாலே போதும்.

ராஜாவை வெட்டிவைப்பதன் வலிமையைச் சென்னை நேரில் பார்த்திருக்கிறது, அதுவும் வலிக்கும்படி. 2013 நவம்பரில் இங்கே நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்துக்கு வெள்ளை, மாக்னஸ் கார்ல்சனுக்குக் கறுப்பு. ஆனந்த் ஒரு சிப்பாயைக் கொடுத்து யானை இறுதியாட்டத்துக்குள் போனார். காப்பாற்றிவிடலாம் என்ற அவரது கணிப்பில் தவறில்லை. ஆனால் கார்ல்சன் சிப்பாய்களைத் திருப்பிக் கொடுத்துத் தன் ராஜாவை முன்னே கொண்டுபோனார். அறுபதாவது நகர்த்தலில் ஆனந்த் யானையை a4க்கு நகர்த்தினார். அங்கே b சிப்பாயை b4க்குத் தள்ளியிருந்தால் டிராதான் என்று பிறகு ஆய்ந்தவர்கள் காட்டினார்கள். பதிலுக்குக் கார்ல்சன் முதலில் h சிப்பாயைப் பலி கொடுத்தார், அடுத்து யானையை g6இல் நிறுத்தினார். அந்த ஒரு நகர்த்தலில் ஆனந்தின் ராஜா h வரிசையோரம் அடைபட்டது. f சிப்பாய் ராணியாகப் போகும் இடத்துக்கு அதனால் வர முடியவில்லை. சிப்பாய் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலையின் அபாயம் தெரிந்திருக்காது. எந்த ராஜா வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். 67ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இனி ஃபிலிதோரின் குறுக்கு வேலி. வெள்ளை ராஜா d5இல், சிப்பாய் e5இல், யானை a7இல். கறுப்பு ராஜா e8இல், அதாவது சிப்பாய் ராணியாக வேண்டிய அதே கட்டத்தில். கறுப்பு யானை h6இல். நெடுக்கு வேலிக்கு இங்கே இடமில்லை, வெள்ளை ராஜா ஏற்கெனவே சிப்பாயின் தோளோடு தோள் நிற்கிறது. அதனால் கறுப்பு வேலியைக் குறுக்கே போடுகிறது. h6 யானை ஆறாவது வரிசை முழுவதையும் ஆள்கிறது. கறுப்பின் பக்கத்திலிருந்து எண்ணினால் அது மூன்றாவது வரிசை, காப்பின் பெயர் அப்படி வந்ததுதான்.

வெள்ளை ராஜாவுக்கு d6 வேண்டும், அல்லது e6 வேண்டும். e6இல் ஏறிவிட்டால் கறுப்பு ராஜாவை எட்டாவது வரிசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, யானையை a8இல் வைத்துச் செக்மேட் மிரட்டல் விடலாம். ஆனால் ஆறாவது வரிசை மூடியிருக்கிறது. d6, e6, c6 என்று எந்தக் கட்டத்திலும் கால் வைக்க வழியில்லை.

வெள்ளை என்னென்ன முயலலாம்? சும்மா யானையை b7க்கு நகர்த்திப் பார்க்கலாம். கறுப்பு யானை g6க்கு நகரும். வெள்ளை திரும்ப a7க்கு வந்தால் கறுப்பு திரும்ப h6க்கு. ஆறாவது வரிசையை விட்டு இறங்காத வரை எந்தக் கட்டம் என்பது பெரிய விஷயமில்லை. f6இலும் d6இலும் வைக்கக் கூடாது, சிப்பாய் தின்றுவிடும்; c6இலும் e6இலும் வைத்தால் ராஜா தின்றுவிடும். வெள்ளை யானையை c6க்குக் கொண்டுவந்து, வேலியை அறுக்க யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்று கூப்பிடலாம். கறுப்பு மாற்றிக்கொண்டாலும் பயமில்லை. c6இல் திரும்பத் தின்ற வெள்ளை ராஜா சிப்பாயை விட்டு ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கும். கறுப்பு ராஜா e7க்கு வந்து சிப்பாயின் முன்னால் நிற்கும். பிறகு நேருக்கு நேர் நிற்கும் வித்தை தெரிந்தால் அதுவும் டிரா. 

மிஞ்சுவது ஒரே வழி. சிப்பாயை e6க்குத் தள்ளுவது.

இந்தக் காப்பில் மற்ற நேரமெல்லாம் காத்திருப்பதுதான், இங்கே மட்டும் சட்டென்று மாற வேண்டும். e6க்கு வந்த சிப்பாய், h6இலிருந்து வரும் யானையின் பார்வையை நடுவில் மறித்துவிடுகிறது. d6 கட்டம் திறந்துவிட்டது. அடுத்து ராஜா d6க்கு ஏறும், அதற்கடுத்து a8இல் செக்மேட். ஆறாவது வரிசை வேலி இனி வேலியே இல்லை. எனவே கறுப்பு தயங்காமல் யானையை h6இலிருந்து h1க்கு, பலகையின் அந்தக் கோடிக்கு, இறக்கிவிட வேண்டும்.

வெள்ளை ராஜா d6க்கு ஏறுகிறது. கறுப்பு யானை d1க்கு வந்து பின்னாலிருந்து செக் கொடுக்கிறது. ராஜா e5க்கு இறங்கினால் e1இல் செக். f6க்குப் போனால் f1இல் செக். g7 வரை ஓடினால் செக் கூடத் தேவையில்லை, யானை e1இல் நின்று தனியாக நிற்கும் e6 சிப்பாயைத் தாக்கும். காப்பாற்ற ராஜா f6க்குத் திரும்பினால் மறுபடி f1இல் செக். இப்படியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகலாம்.

செக்குகளிலிருந்து ராஜாவால் ஏன் ஒளிய முடியவில்லை? சிப்பாய் e5இலேயே நின்று ராஜா e6க்கு வந்திருந்தால், பின்னாலிருந்து வரும் யானையை அந்தச் சிப்பாய் மறித்திருக்கும். சிப்பாயே ராஜாவுக்குக் குடை. அந்தச் சிப்பாயை e6க்குத் தள்ளியதும் ராஜா ஒதுங்கியிருக்க வேண்டிய கட்டத்தை அது எடுத்துக்கொண்டது. வேலியை உடைக்கச் சிப்பாய் முன்னேற வேண்டும், முன்னேறினால் ராஜா ஒதுங்க இடமில்லை. ஃபிலிதோரின் கண்டுபிடிப்பு முழுவதும் இந்த முரணில் அடங்கியிருக்கிறது. யானை h1 வரை, கடைசி வரிசைக்கே, போவதற்கும் காரணம் உண்டு. பக்கத்தில் நின்று செக் கொடுத்தால் ராஜா ஓரிரு அடி வைத்து யானையையே தாக்கிவிடும். ஐந்து கட்ட தூரத்தில் நின்றால், ராஜா இறங்கி வருவதற்குள் சிப்பாய் அநாதையாகிவிடும்.

தவறு நேர்வதும் இந்த ஒரு நகர்த்தலில்தான். அதுவரை g6, h6 என்று காத்திருந்தே பழகிய கை, e6க்குப் பிறகும் ஒரு முறை g6க்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை ராஜா d6க்கு ஏறுகிறது. இப்போது a8 செக்மேட் மிரட்டல் நேரடியாக நிற்கிறது. யானையை g8க்குக் கொண்டுவந்து பயனில்லை. a8இல் வரும் செக்கை மறிக்கத் தன் ராஜாவைத் தாண்டி அந்தப் பக்கம் போக அதனால் முடியாது, அதுவே மேட். ராஜா d8க்கு நகர்ந்தாலும் அதே மேட். ஒரே வழி f8. உடனே a8இல் செக், கறுப்பு ராஜா g7க்குப் போகிறது, வெள்ளை ராஜா e7இல் வந்து சிப்பாயைக் கையில் பிடித்துக்கொள்கிறது. ராணியாகும் கட்டத்திலிருந்து கறுப்பு ராஜா விரட்டப்பட்டாயிற்று. பக்கவாட்டிலிருந்து செக் கொடுக்கத் தேவையான a வரிசையையும் வெள்ளை யானை எடுத்துக்கொண்டது. இனி மீட்சியில்லை. ஒரு நொடிக் கவனக்குறைவில் டிரா தோல்வியாகிவிட்டது.

எதிர்த் திசைத் தவறும் உண்டு, வேலியை விட்டுச் சீக்கிரமே இறங்குவது. சிப்பாய் இன்னும் e5இல் இருக்கும்போதே கறுப்பு யானை பின்னால் e1க்குப் போய்விட்டால், வெள்ளை ராஜா e6க்கு ஏறிக்கொள்ளும். இங்கே ஆட்டம் தோற்றுவிடவில்லை, ஆனால் கடினமாகிவிடுகிறது. a8 மேட் மிரட்டலுக்கு ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், அதுவும் f8 பக்கம். e சிப்பாய்க்கு வலப்பக்கம் மூன்று நெடுவரிசைகள், இடப்பக்கம் நான்கு. ராஜா குறுகிய பக்கம் ஒதுங்கினால் அகலமான பக்கம் யானையின் செக்குகளுக்குக் கிடைக்கும். மாறி ஒதுங்கிய பலர் அரைப் புள்ளியை இழந்திருக்கிறார்கள். வேலியிலேயே நின்றிருந்தால் இவ்வளவு கணக்கே தேவைப்பட்டிருக்காது.

பயந்தவர்கள் தேடும் இடம் வேறு. யானையை எட்டாவது வரிசையிலேயே, ராஜாவின் பக்கத்தில், வைத்துக்கொள்வது. பார்க்கப் பாதுகாப்பாக இருக்கும். சில சிப்பாய்களுக்கு எதிராக உண்மையிலேயே பாதுகாப்புதான், சிலவற்றுக்கு எதிராகச் சாவு. இரண்டுக்கும் ஒரு வரிசைதான் வித்தியாசம்.

முதலில் f சிப்பாய். வெள்ளை ராஜா g6இல், சிப்பாய் f6இல், யானை a7இல். கறுப்பு ராஜா g8இல், யானை b8இல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை யானை g7இல் செக் கொடுக்கிறது. கறுப்பு ராஜா h8க்குப் போனால் யானை h7இல் மறுபடி செக், ராஜா g8க்குத் திரும்புகிறது. இப்போது சிப்பாயை f7க்குத் தள்ளி ஒரு செக், ராஜா f8க்கு ஒதுங்குகிறது. கடைசியாக யானை h8இல் செக். ராஜா விலகியதும் அந்த எட்டாவது வரிசையிலேயே நிற்கும் கறுப்பு யானை பறிபோகிறது. முதல் செக்குக்கு ராஜா f8க்குப் போனாலும் வெள்ளை யானை h7க்கு நகர்ந்து அதே வலையைப் போடும்.

இதையே அப்படியே ஒரு வரிசை வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். சிப்பாய் g6இல், வெள்ளை ராஜா h6இல், கறுப்பு ராஜா h8இல் அல்லது g8இல். வெள்ளை யானை சுற்றிக்கொண்டு வர வேண்டிய அடுத்த நெடுவரிசை எங்கே? h வரிசையோடு பலகை முடிந்துவிட்டது. அந்தச் சுற்றுவழி இல்லாததால் g சிப்பாயை எதிர்த்து எட்டாவது வரிசைக் காப்பு தாங்கும். அதே காரணத்தால் b சிப்பாய், ஓரத்து a, h சிப்பாய்கள் ஆகியவற்றை எதிர்த்தும் தாங்கும். c முதல் f வரை நடுவில் வரும் நான்கு சிப்பாய்களுக்கு எதிராகத் தாங்காது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இந்த விதியை மட்டும் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பலகையின் விளிம்புதான் காரணம் என்று காட்டிவிட்டால் மனப்பாடமே தேவையில்லை.

மூன்றாம் வரிசைக் காப்புக்கோ இந்தப் பாகுபாடு கிடையாது. எந்தச் சிப்பாயாக இருந்தாலும் செல்லும். நிபந்தனைகள் மூன்று. காப்பவரின் ராஜா, சிப்பாய் ராணியாகும் கட்டத்திலோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். எதிர் ராஜாவும் சிப்பாயும் இன்னும் ஆறாவது வரிசையைத் தொட்டிருக்கக் கூடாது. யானை அந்த வரிசையை முதலிலேயே பிடித்திருக்க வேண்டும். ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் காப்பவர் பலகையிலுள்ள மற்றச் சிப்பாய்களை முடிந்தவரை மாற்றித் தீர்க்கப் பார்ப்பது இதனால்தான். கடைசியில் எதிராளியிடம் ஒன்றே ஒன்று மிஞ்சி, தன் ராஜா அதன் முன்னால் இருந்தால் ஃபிலிதோர் நிலை காத்திருக்கிறது. பலகையில் நிறைய சிப்பாய்கள் இருக்கும்வரை இந்த உத்தரவாதம் இல்லை. 1927இல் புவெனஸ் ஐரெஸில் கப்பாபிளாங்கா உலகப் பட்டத்தை அலெக்கினிடம் இழந்த 34ஆவது ஆட்டமும் ஒரு யானை இறுதியாட்டம்தான். அங்கே அலெக்கினுக்கு ஓரத்தில் தனியாக ஒரு a சிப்பாய், மறுபக்கம் இருவருக்கும் சிப்பாய்கள். கப்பாபிளாங்காவின் காய்கள் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருந்தது. ஒரே வேலியால் இரண்டு வயலைக் காக்க முடியவில்லை.

ஐந்து காய் நிலைகள் அத்தனையையும் கணினிகள் ஒன்று விடாமல் அலசித் தீர்த்துப் பல ஆண்டுகளாகின்றன. இப்போது ஏழு காய்கள் வரை அந்தப் பட்டியல் வந்துவிட்டது. ஃபிலிதோர் மையும் காகிதமும் வைத்து எட்டிய முடிவில் பட்டியல் எதையும் திருத்தவில்லை, அந்த நிலை டிராதான்.

ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் டிரா கொடுக்க வேண்டுமே. போட்டிகளில் கூடுதல் சிப்பாய் வைத்திருப்பவர் மணிக்கணக்கில் யானையை அங்குமிங்கும் நகர்த்தி, காப்பவரின் கை தானாக g6க்குப் போகும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார். அதற்கு விதியிலேயே எல்லை இருக்கிறது. சிப்பாய் நகராமலும் எந்தக் காயும் வெட்டப்படாமலும் இருவரும் 50 நகர்த்தல்கள் செய்துவிட்டால், ஆட்டக்காரர் நடுவரிடம் டிரா கேட்கலாம். கேட்பவர் தன் ஆட்டத்தாளில் நகர்த்தல்களை விடாமல் எழுதிவைத்திருக்க வேண்டும், எண்ணிக் காட்ட அதுதான் சாட்சி. யாரும் கேட்காவிட்டாலும் 75ஆவது நகர்த்தலில் ஆட்டம் தானாகவே டிராவாகிவிடும். வெள்ளை சிப்பாயை e6க்குத் தள்ளினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த நேரத்தில் கறுப்பு யானை ஏற்கெனவே h1க்குப் போகும் வழியில் இருக்க வேண்டும்.